வட்டம் போட்ட நான்கு பெயர்கள்

ஜெயம்மா அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எந்தத் தொகையைச் சொன்னாலும் உடனே கேட்பாள்: “கைக்கு வந்துதா, வாயில வந்துதா?” என் மகள் முதல் வேலைக்குப் போய், மாதம் இருநூற்று எண்பது சம்பளம் என்று சொன்னபோதும் அதையே கேட்டாள். மகள் சிரித்துவிட்டாள். “இன்னும் ஒண்ணாந்தேதி வரல பெரியம்மா, வாயிலதான்.” “அப்போ ஒண்ணாந்தேதி வந்து சொல்லு” என்று அக்கா தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். கேட்பவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. அது எந்த வருஷத்தில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். யாரால் தொடங்கியது என்றும் தெரியும்.

ஜெயம்மா என் கணவரின் அண்ணி. முப்பத்தாறு வயதில் கணவரை இழந்தவள். திருத்தணியில் நந்தியாற்றுப் பக்கத்துத் தெருவில் எங்கள் இருவர் குடித்தனமும் ஒரே வீட்டில். அவள் பகலெல்லாம் தைப்பாள். மாலையில் மாதர் சங்கத்துக்குப் போவாள், அவள்தான் செயலாளர். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் சங்கத்தின் கடிதங்களை எல்லாம் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். “அம்முவுக்கு வாய் கையில இருக்குது” என்பாள் அக்கா.

எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம், மலையடிவாரத்துச் சத்திரம் ஒன்றில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்தது. மருத்துவர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். நாற்பத்தாறு பேருக்குக் கண்புரை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் புரை எடுத்தால் ஒரு வாரம் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருப்பார்கள். தலையைக்கூட அசைக்கக் கூடாது. அவர்களுக்கும் கூட வந்தவர்களுக்கும் சாப்பாடு போடுவது சங்கத்தின் பொறுப்பு. அதைவிடப் பெரிய பொறுப்பு கண்ணாடி. புரை எடுத்த கண்ணுக்குத் தடித்த கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. புகைக்குள் பார்ப்பதுபோல்தான் இருக்கும். ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி கொடுக்க வேண்டும், ஒன்று இருபத்திரண்டு ரூபாய்.

பணம் மூன்று இடத்தில் வசூல் ஆயிற்று. திருத்தணியில் அக்கா. பள்ளிப்பட்டில் கஜபதி என்ற நெசவுக்காரர். அவருடைய தகப்பனாரும் புரை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர். கனகம்மாசத்திரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த மணவாளன். மூவரிடமும் ஆளுக்கொரு ரசீதுப் புத்தகம் இருந்தது. ஆனால் கணக்குத் தாள் மூவருக்கும் ஒன்றுதான். நாலு முழுத்தாளை ஒட்டி, கோடு போட்டு, ஒரு பழைய குடையின் உறைக்குள் சுருட்டிப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். இந்த வாரம் பள்ளிப்பட்டு போகும், அடுத்த வாரம் கனகம்மாசத்திரம். அவரவர் பகுதியில் பெயரும் தொகையும் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். தருவதாகச் சொன்னதையும் எழுதுவார்கள், தந்ததையும் எழுதுவார்கள். இரண்டுக்கும் ஒரே பத்திதான்.

முகாமின் ஆறாம் நாள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். நன்றிக் கடிதம் நகல் எடுக்க அங்குள்ள மெஷினைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அது அன்றைக்கு மட்டும்தான் சும்மா இருக்கிறதாம், மறுநாள் பரீட்சைத் தாள் அடிக்கப் போகிறார்களாம். அக்கா சத்திரத்தை விட்டு நகர முடியவில்லை. ஒரு கிழவர் கண்ணில் போட்ட கட்டைப் பிய்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“நீயே எழுதிடு அம்மு” என்றாள். “தாளப் பார்த்து, பணம் வந்தவங்க பேரும் தொகையும் மட்டும். கீழ நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

எப்போதும் அக்கா ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைத் தாளோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதச் சொல்வாள். அன்றைக்கு மணவாளனின் புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை. மற்ற இரண்டும் அவளுடைய டிரங்குப் பெட்டியில், பூட்டுக்குள். சாவி அவள் இடுப்பில். என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். அவளைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை.

தாளை விரித்தேன். கஜபதியின் பகுதியில் சில தொகைகளைச் சுற்றி வட்டம் இருந்தது. பணம் கைக்கு வந்ததும் வட்டம் போடுவார், அது எனக்குத் தெரியும். மணவாளனின் பகுதியிலும் நான்கு தொகைகளில் வட்டம் இருந்தது. மற்ற ஆறில் இல்லை. வட்டம் என்றால் வந்தது, வட்டம் இல்லாவிட்டால் வரவில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. நகல் மெஷினில் வைக்கும் மெழுகுத் தாளில் இரும்பு முனையால் அழுத்தி, அழகாக எழுதினேன். ‘லாரி அதிபர் திரு. வீரபத்திரன் அவர்கள், ரூ. 501. மனமுவந்து அளித்தமைக்கு எங்கள் நன்றி.’ அவர் பெயர்தான் பட்டியலில் முதலில் இருந்தது. அக்கா சத்திரத்து வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். நூறு நகல் எடுத்தோம். எண்பதைத் தபாலில் சேர்த்தோம்.

முகாம் முடிந்த நாலாம் நாள் மணவாளன் ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அக்கா வீட்டில் இல்லை. நான் மோர் கொடுத்தேன்.

“கடலக்கார கன்னியம்மா சண்ட போடுது” என்று சிரித்தார். “எல்லாருக்கும் காயிதம் வந்துகினு இருக்குது, எனக்கு இன்னாத்துக்கு வரலன்னு. பஸ் ஜன்னல்ல கடல வித்து பதினோரு ரூபா குடுத்துச்சு. ஒரு காயிதம் போட்டுடு தங்கச்சி.”

“அது பேர்ல வட்டம் இல்லியே” என்றேன்.

“ஆங், எப்படி இருக்கும்? அதான் குடுத்துடுச்சே. வட்டம் போட்டது நான் போயி கேக்க வேண்டியவங்க. மறந்துடப் போறேன்னு சுத்தி வச்சேன். வீரபத்திரன் மொதலாளிகிட்ட மூணு வாட்டி நடந்தாச்சு, நாளைக்கு வா, நாளைக்கு வாங்கறாரு.”

அவர் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். தாம் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. தாளை எடுத்துப் பார்த்தேன். வட்டம் போட்ட நான்கு பேர்: ஐந்நூற்று ஒன்று, இருநூற்று ஐம்பத்தொன்று, நூற்றொன்று, ஐம்பத்தொன்று. ஒரு காசும் வராத தொள்ளாயிரத்து நாலு ரூபாய்க்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். பணம் கொடுத்த ஆறு பேரை விட்டிருக்கிறேன். கீழே அக்காவின் கையெழுத்து.

அன்று அக்காவிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். தபால்காரரைப் பார்த்தால் அந்த எண்பது கடிதமும் திரும்பி வராதா என்று தோன்றும். சோறு இறங்கவில்லை. அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அதைக் குடிக்கும்போது எனக்குப் பயம் இன்னும் கூடிற்று. அந்த மாதம்தான் அக்கா அடகில் இருந்த தன் கம்மலை மீட்டிருந்தாள். அவள் காதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பணத்துக்காக அதை மறுபடியும் அடகு வைக்க நேருமோ என்று தோன்றும். மூன்று நாள் அப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம். எங்களுக்குக் கணக்குச் சரிபார்த்துக் கொடுக்கும் கோதண்டபாணி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தபால் ஆபீஸ் பாஸ் புத்தகத்தையும் நன்றிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“ஜெயம்மா, கடிதத்துல கூட்டினா மூவாயிரத்து அறுநூத்து நாப்பது. புஸ்தகத்துல நாம இதுவரைக்கும் கட்டினது ரெண்டாயிரத்து எட்நூத்து இருபத்து மூணு. எட்நூத்துப் பதினேழு ரூபா எங்கம்மா?”

அக்கா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். முதல் பெயரிலேயே அவள் விரல் நின்றுவிட்டது. அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எட்டு நூறும் காக்கா தூக்கினு போச்சா?” என்றாள் ரத்தினம்மாள். செயலாளர் பதவி தனக்கு வரவேண்டியது என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். “இல்ல, சேட்டுக் கட வழியா காதுல ஏறிக்கிச்சா?”

யாரோ ஒருத்தி சிரித்தாள். அக்காவின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. பிறகு இறங்கிற்று.

“கையெழுத்து என்னுது” என்றாள். “பாக்காம போட்டது என் தப்பு. ரெண்டு நாள் குடுங்க.”

“ரெண்டு நாள்ல இன்னா பண்ணுவே?” என்றாள் ரத்தினம்மாள்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். நான்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா தன் கம்மலின் திருகைக் கழற்றத் தொடங்கியதைப் பார்த்தேன். அப்போதுதான் சத்தம் வந்தது. என் சத்தமா என்று எனக்கே தெரியவில்லை.

“நான் எழுதினது. மணவாளன் அண்ணன் வட்டம் போட்டா வரலன்னு அர்த்தம். நான் வந்துதுன்னு எழுதிட்டேன். குடுத்தவங்க ஆறு பேர விட்டுட்டேன். மூணு நாளா எனக்குத் தெரியும்.”

கோதண்டபாணி என்னைப் பார்க்காமல், “மணவாளனோட ரசீதுப் புத்தகம் கொண்டா” என்றார். நான் வீட்டுக்கு ஓடினேன். அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆறு பேருக்கும் ரசீது கிழிக்கப்பட்டிருந்தது, எண்பத்தேழு ரூபாய். கன்னியம்மாளின் பதினொன்றும் அதில் இருந்தது. நான்கு பேருக்கு ரசீதே இல்லை. தொள்ளாயிரத்து நாலில் எண்பத்தேழைக் கழித்து, எண்ணூற்றுப் பதினேழு என்று உரக்கச் சொன்னார். ரத்தினம்மாள் தன் செருப்பைத் தேடினாள்.

கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் பயம் போகவில்லை. அந்தத் தொள்ளாயிரத்து நாலையும் நம்பித்தான் கண்ணாடிக்குச் சொல்லியிருந்தோம். சாப்பாட்டுச் செலவு போகக் கையில் மீதி இருந்தது ஆறு பேருக்குக்கூடப் போதாது.

மறுநாள் அக்காவும் நானும் கனகம்மாசத்திரம் போனோம். வீரபத்திரனின் லாரி ஆபீஸில் நாற்காலிக்கு மேலே சுவரில் நான் எழுதிய கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. குங்குமம்கூட வைத்திருந்தார்.

“வாங்கம்மா” என்றார், மிகவும் மரியாதையாக. “காயிதம் வந்தன்னிக்கே சட்டம் போட்டுட்டேன். வரவங்க போறவங்கல்லாம் படிச்சுட்டுதான் போறாங்க.”

“அதுல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க” என்றாள் அக்கா. புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். “பணம் இன்னும் வரல.”

“வரலியா? வந்துதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. கையெழுத்து உங்களுதுதானே?”

“என்னுதுதாங்க. ரசீது கிழிக்கல.”

“ரசீதெல்லாம் நான் கேக்கறதில்ல. சைக்கிள் கடக்காரன் கையில குடுத்தேன். அவன் எங்க வச்சானோ.” பக்கத்தில் நின்ற டிரைவரைப் பார்த்தார். “என்னடா, குடுத்தேன் இல்ல?”

டிரைவர் தலையை ஆட்டினான்.

அக்கா எழுந்துவிட்டாள். தெருவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் தப்பு அவளிடமிருந்து நகர்ந்து இன்னொருவர் தலையில் உட்கார்ந்துவிட்டது. சைக்கிள் கடையில் மணவாளன் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் டியூபை விட்டுவிட்டார்.

“அந்த ஆபீஸ்ல நான் ஒக்காந்ததுகூட இல்லக்கா.”

“தெரியும் மணவாளா.”

“உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குத் தெரியணுமே.”

அன்று மாலையே அக்கா இரண்டாவது கடிதம் எழுதச் சொன்னாள். இந்த முறை அடிக்கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் அவளே படித்தாள். நான் எழுதினேன். ‘முதல் கடிதத்தில் தருவதாகச் சொன்ன தொகையையும் வந்த தொகையையும் ஒன்றாக எழுதிவிட்டோம். பிழை எங்களுடையது. அந்தக் கடிதத்தை ரசீதாகக் கொள்ள வேண்டாம். வந்த தொகையும் ரசீது எண்ணும் கீழே உள்ளன.’ கன்னியம்மாள், ரூ. 11, ரசீது எண் 207. அந்த நான்கு பெயர்களும் அதில் இல்லை.

“இந்தக் காயிதம் போனா அந்த ஆளு சும்மா இருப்பானா?” என்று என் கணவர் கேட்டார்.

“இருக்கமாட்டாரு” என்றாள் அக்கா. “போடாம இருந்தா மணவாளன் திருடன்னு ஆயிடும்.”

போட்டோம். நான்கில் மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் பணம் கொடுத்தார்கள். அரிசி மில்காரர் தாமே வந்து, மறந்துபோச்சும்மா என்று சொல்லி ரசீது வாங்கிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் மத்தியானம் ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் வந்தது. அந்தத் தெருவில் மாட்டு வண்டி நுழைவதே கஷ்டம். எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, இஞ்சினை அணைக்காமல் ஹாரன் அடித்தது. வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. ஆண்கள் யாரும் இல்லை. நான் என் மகளை இழுத்துக்கொண்டு அரிசிக் குதிருக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கிருந்து வாசல் தெரியும்.

அதே டிரைவர் இறங்கினான். “எங்க மொதலாளி பேர இன்னாத்துக்கு எடுத்தீங்க? ஊரெல்லாம் கேக்கறாங்க. திரும்ப சேத்து எழுதிக் குடுங்க, வாங்கினு போறேன்.”

அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து வாசற்படியில் நின்றாள். 

“ரசீது நம்பர் சொல்லச் சொல்லுங்க” என்றாள். “இப்பவே சேத்துடறேன்.”

“நம்பரா?”

“நம்பர் இல்லன்னா பணம் குடுக்கச் சொல்லுங்க. நம்பர் நான் குடுக்கறேன். ரசீதுப் புஸ்தகம் உள்ளதான் இருக்குது.”

அதற்கு என்ன சொல்வது என்று அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது. ஏறிக்கொண்டு, லாரியைப் பின்னால் எடுக்க முடியாமல் முன்னும் பின்னும் திணறி, எதிர்வீட்டு ஓட்டில் இரண்டை உடைத்துவிட்டுப் போனான். அக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஐந்நூற்று ஒன்று வரவே இல்லை. பங்குனியில் கண்ணாடி கொடுக்கும் நாள் வந்தது. மூன்று பேர் தந்ததையும் சேர்த்து வாங்கியும் இருபத்திரண்டு பேருக்குக் கண்ணாடி இல்லை. யாருக்கு முதலில் என்ற கேள்வி வந்தது. வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு முதலில் என்று அக்கா முடிவு செய்தாள்.

“எங்க நைனாவ கடைசியில போடுங்க” என்றார் கஜபதி. “நாங்க இருக்கறோம், கையப் புடிச்சுக் கூட்டினு போவோம். என் வட்டத்தப் பாத்துதான தங்கச்சி ஏமாந்துச்சு.” அவர் தகப்பனார் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “தறியில நூல் மட்டும் தெரிஞ்சா போதும், உங்க மூஞ்சியெல்லாம் பாத்து இன்னா ஆவப்போவுது” என்றார்.

மீதிக் கண்ணாடிக்காக, மலைக்கு வருகிறவர்கள் வாங்கும் மஞ்சள் பைகளைக் கடைக்காரர்களிடம் கூலிக்கு எடுத்துத் தைத்தோம். அக்கா தைத்தாள், நான் கைப்பிடிக்கான காதுப் பட்டி வெட்டி மடித்துக் கொடுத்தேன். சங்கத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். சில நாள் ரத்தினம்மாளும் வந்து, ஒன்றும் பேசாமல் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கூலி சேரச் சேர மூன்றும் நாலுமாகக் கண்ணாடி வாங்கினோம். கஜபதியின் தகப்பனாருக்கு ஆவணியில்தான் கிடைத்தது. அந்த வருஷத்தில்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். முதலில் என்னிடம்தான் கேட்டாள். பிறகு எல்லோரிடமும்.

இப்போது எண்பத்தைந்தாம் வருஷம். அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. செயலாளர் அவள்தான். அவளுக்கே இப்போது புரை விழத் தொடங்கியிருக்கிறது. கணக்குத் தாள் என்னிடம் இருக்கிறது. அதில் சொன்னது, வந்தது என்று இரண்டு பத்திகள். ரசீது எண்ணுக்கு ஒரு பத்தி தனியாக. யாரும் எதற்கும் வட்டம் போடக் கூடாது. கன்னியம்மாள் வருஷா வருஷம் பதினோரு ரூபாய் தருகிறாள். மணவாளன் அதற்குப் பிறகு வசூலுக்கு வரவில்லை. அவரை நம்பாதவர்கள் கனகம்மாசத்திரத்தில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். வீரபத்திரனின் ஆபீஸில் நான் எழுதிய கடிதம் சட்டத்துக்குள் அப்படியே தொங்குகிறது.